14,850 ரூபாய் போச்சு: வெளிநாட்டு உடுப்பு ஆப்பில் சைஸ் சார்ட் பார்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஓடர் போடுங்கோ

இண்டைக்குக் காலமைதான் கடைசிப் பதில் வந்தது. கோபம் ஆறமுதல் எழுதிவிடுகிறேன். கலியாண வீட்டுக்கென்று வெளிநாட்டு உடுப்பு ஆப் ஒன்றில் எடுத்த நீளச் சட்டை, திருகோணமலைக்கு வந்து சேர அனுப்புகூலியோடு 14,850 ரூபாய். முதுகுப் பக்கச் சிப் பாதிக்கு மேல் ஏறவில்லை.

அளவு எடுக்காமல் போட்ட ஓடர் இல்லை. மார்புச் சுற்றளவு 96 சென்ரிமீற்றர், டேப் வைத்து எடுத்தது. சார்ட்டில் M சைஸுக்கு நேரே 96 என்று இருந்தது. அப்படியும் சந்தேகத்தில் விற்கிறவரிடம் சாட்டில் கேட்டேன்: "மார்பு 96, M சரிவருமா?" இரண்டு நிமிடத்தில் பதில்: "ஓம், M சைஸ் 96 தான், உங்களுக்குப் பொருந்தும்." அந்தப் பதிலை நம்பித்தான் காசு கட்டினது.

அந்த 96 ஆளின் அளவு இல்லை, சட்டையின் அளவு. சார்ட்டுக்கு மேலே இரண்டு பகுதி இருக்கும்: "Product Measurements", "Body Measurements". திறந்தவுடன் தெரிவது முதலாவது. அது துணியின் சுற்றளவு. இரண்டாவதைத் தட்டிப் பார்த்தால்தான் M என்பது 86 முதல் 90 வரை மார்பு உள்ளவர்களுக்கு என்றும், 96க்கு XL என்றும் தெரியும். விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

இழுபடாத துணியில் உடம்பும் சட்டையும் ஒரே அளவாக இருந்தால் மூச்சு விட, கை தூக்க இடமில்லை. உள் லைனிங்கும் கொஞ்ச இடத்தைத் தின்னும். துணி விபரத்தில் "Non-Stretch" என்று போட்டிருந்தால் மார்பில் குறைந்தது 6 சென்ரிமீற்றராவது கூடுதலாக வேண்டும். இங்கே கச்சான் வீசுகிற மாதங்களில் வியர்வையோடு பொலியெஸ்ரர் உடம்பில் ஒட்டிப்பிடிக்கும், அதுக்கு 6ம் காணாது. "கையால் அளந்தது, 1 முதல் 3 சென்ரிமீற்றர் வித்தியாசம் வரலாம்" என்று சார்ட்டின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரியும் இருக்கும். வந்த சட்டையை விரித்து அளந்தபோது 94. அவர்கள் கணக்கில் அது பிழையே இல்லை.

இவ்வளவையும் ஒரே வரியில் காட்டிக்கொடுப்பது மொடலின் குறிப்பு. படத்துக்குக் கீழே மொடலின் உயரம் 174, மார்பு 82, போட்டிருப்பது S என்று இருந்தது. சார்ட்டில் S சட்டை 92. ஆக, படத்தில் வடிவாக விழுகிற அந்தச் சட்டை மொடலை விட 10 சென்ரிமீற்றர் பெரிசு. அதே மாதிரி விழ வேண்டுமென்றால் 96 மார்புக்கு 106 வேண்டும். சார்ட்டில் L 100, XL 106. ஒரு கழித்தல், ஒரு கூட்டல், XL என்று விடை வந்துவிடும். நீளத்தையும் இதோடு பாருங்கோ: 174 உயரத்துக்குக் கணுக்காலில் நிற்கிற சட்டை 155 உயரத்துக்கு நிலத்தில் இழுபடும். அதை மடித்துத் தைக்கலாம்.

ஆனால் சின்னதைப் பெரிசாக்க ஏலாது. தையல்கார அக்காவிடம் கொண்டுபோனால் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினா: ஓரத்தில் ஒரு சென்ரிமீற்றர் துணிகூட மிச்சமில்லை, அதுவும் ஓவர்லொக் அடித்தது. நம்மூரில் தைக்கிற சட்டையில் பிரித்து விடுவதற்கென்று உள்ளே துணி விடுவார்கள், இதில் இல்லை. XL வந்திருந்தால் பக்கத்தைப் பிடித்துத் தந்திருப்பா.

பிறகு நடந்ததைக் கேளுங்கோ. முதல் பதில்: "சார்ட்டைப் பார்த்து நீங்கள்தான் தெரிவு செய்தீர்கள்." சாட்டின் படத்தை அனுப்பினால், "அந்த ஊழியர் இப்போது இல்லை." மூன்றாம் நாள், உங்கள் செலவில் களஞ்சியத்துக்குத் திருப்பி அனுப்புங்கோ என்றார்கள். தபாற்கந்தோரில் சொன்ன கட்டணம் சட்டை விலையில் பாதிக்கு மேல். இண்டைக்கு வந்தது, அடுத்த ஓடருக்கு 500 ரூபாய் கூப்பன். போனது 14,850, தருவது 500, அதுவும் அவர்களிடமே செலவழிக்க!

மிச்சத்தை விளக்க இப்போ பொறுமை இல்லை. கெதியாகச் சொல்கிறேன். மார்பு 45, 50 என்று பாதியாகப் போட்டிருந்தால் அது சட்டையை விரித்து வைத்து அளந்தது, இரண்டால் பெருக்குங்கோ. அங்குலமா சென்ரிமீற்றரா என்று பாருங்கோ. கை இறுக்கமான சட்டையென்றால் மேற்கைச் சுற்றளவையும் பாருங்கோ. விற்கிறவரின் "பொருந்தும்" என்ற சொல்லை நம்பி 14,850 ரூபாயைக் கட்டாதேங்கோ.