மார்த்தாண்டத்தில் "உறக்க மாத்திரை" என்று கொடுத்த மெலட்டோனின்: வீட்டில் வயதானவர்கள் இருந்தால் படியுங்கள்

மார்த்தாண்டத்தில் ஒரு மருந்துக்கடையில் என் அப்பாவுக்கு மெலட்டோனினை உறக்க மாத்திரை என்று சொல்லி விற்றார்கள். முதலில் 3 மில்லிகிராம். கேட்கவில்லை என்று போனதும் 5, அப்புறம் 10. "நடுராத்திரி முழிப்பு வந்தா இன்னொண்ணு போடுங்க அண்ணாச்சி, இயற்கையானதுதானே, ஒண்ணும் செய்யாது" என்று வேறு சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்படிப் போட்ட ஒரு விடியற்காலையில் தலை கிறுகிறுத்து முற்றத்துப் படியில் விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, முழங்கை வீங்கியதோடு போயிற்று. ஆனால் அந்தக் கடையில் ஒருவர்கூட, "எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு முழிக்கிறீர்கள்" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த மாத்திரை அவருக்கு ஆகாது என்று அங்கேயே தெரிந்திருக்கும்.

அப்பா குலசேகரம் பக்கம் காலமெல்லாம் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு விடியுமுன்னே தோட்டத்தில் நிற்பார். வேலையை விட்டபிறகும் ராத்திரி 8 மணிக்கே கண் சொக்கிவிடும், 2 மணிக்கு முழிப்பு வந்துவிடும். அவருடைய குறை உறக்கம் வராததல்ல, சீக்கிரம் கலைவது.

மெலட்டோனின் மூளையிலுள்ள பீனியல் என்ற சின்னச் சுரப்பி இருட்டானதும் சுரக்கும் ஹார்மோன். "ராத்திரி ஆகிவிட்டது" என்று உடம்புக்குச் சொல்வதுதான் அதன் வேலை. சாயங்காலம் கோயில் மணி அடித்தால் கடையடைக்கிற நேரம் என்று தெரியும், மணியே வந்து ஷட்டரை இறக்காது. நிஜமான உறக்க மாத்திரைகள் பெரும்பாலும் மூளையின் விழிப்பையே அமுக்குபவை. மெலட்டோனின் அப்படி அமுக்குவதில்லை. உறக்கம் வராதவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, சராசரியாக 7 நிமிடம் முன்னதாக உறங்கினார்கள், அவ்வளவுதான். அளவைக் கூட்டினால் அடித்துப் போடும் என்பது தப்பு. அரை மில்லிகிராமே உடம்பு தானாகச் சுரப்பதைவிட ரத்தத்தில் அதிகம் ஏற்றிவிடும்.

இப்போது அப்பா கணக்கைப் பாருங்கள். சாதாரண மெலட்டோனின் மாத்திரை ரத்தத்தில் ஏறியபின் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 8 மணிக்குப் போட்ட 3 மில்லிகிராம் 2 மணிக்கு ஏறத்தாழ தீர்ந்திருக்கும். முழிப்பு வருவதை அது எப்படித் தடுக்கும்? அதைவிட மோசம் ஒன்று உண்டு. சாயங்காலம் போடும் மெலட்டோனின் உடம்பின் கடிகாரத்தை முன்னே தள்ளும். ஏற்கெனவே 8 மணிக்குச் சொக்குகிறவரை இன்னும் முன்னே இழுத்தால், முழிப்பும் முன்னேதானே வரும்? 2 மணிக்கு இரண்டாவதாகப் போட்ட 10 மில்லிகிராமோ, விடிந்து எழும்போதும் உடம்பில் மிச்சம் இருக்கும். கிறுகிறுப்பு அதனால்தான்.

நாகர்கோவிலில் பார்த்த டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, சாயங்கால வெளிச்சத்தைத்தான் மருந்தாகக் கொடுத்தார். வெயில் இறங்கும்வரை வெளியே நடக்கணும், பொழுது சாய்ந்தாலும் நல்ல வெளிச்சத்தில் இருக்கணும், 10 மணிக்கு முன்னால் பாயில் சாயக் கூடாது, மத்தியான உறக்கம் அரை மணி நேரத்தோடு சரி. சாயங்கால வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னே தள்ளுமாம். முதலில் அப்பாவுக்கு எரிச்சல்தான், 9 மணிக்கே தலை தொங்கும். இப்போது 4 மணி வாக்கில் எழுகிறார், அவருக்கு அது போதும்.

மெலட்டோனின் யாருக்கும் உதவாது என்று சொல்லவில்லை. ராத்திரி 2, 3 மணிவரை உறக்கமே வராமல் காலையில் எழ முடியாத பிள்ளைகளுக்கு, டாக்டர் சொல்லும் நேரத்தில், படுப்பதற்குச் சில மணி நேரம் முன்பே சிறிய அளவில் போட்டால் கடிகாரம் முன்னே வரும். அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்கு முதல் சில நாள் உதவும். வளைகுடாவிலிருந்து வருகிறவர்களுக்கு நேர வித்தியாசமே ஒன்றரை, இரண்டரை மணிதான், அதற்கு இது தேவையில்லை.

மிட்டாய் மாதிரி மென்று தின்ன வரும் மெலட்டோனின் கம்மியை இன்னும் நம்பாதீர்கள். அமெரிக்காவில் 2023-ல் வெளியான ஒரு சோதனையில் 25 கம்மிகளில் 22-இல் லேபிள் அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மெலட்டோனினே இல்லை.

கடையில் திருப்பிக் கேட்டதற்குப் பிரித்த பாட்டிலை எடுக்க மாட்டோம் என்றார்கள். காசு போகட்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இதைக் கொடுத்தால் ரத்தக்கசிவு கூடும் ஆபத்து உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸமைன் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் மெலட்டோனின் பல மடங்கு ஏறிவிடும். உங்கள் வீட்டிலும் யாராவது இதை "உறக்க மாத்திரை" என்று வாங்கி வைத்திருந்தால், பாட்டிலையும் மற்ற மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.