பூரிச் சட்டி ஏமாற்றியது: எண்ணெயைக் கழிக்க வேண்டிய நாளைச் சொல்வது கண்ணா, பட்டையா, மீட்டரா?

காட்பாடியில் எனக்கு ஒரு சின்ன டிபன் கடை. காலையில் பூரி, சாயங்காலம் பஜ்ஜி, ஏழு மணிக்கு மேல் சிக்கன் 65. மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய் சட்டி. பழைய எண்ணெயை எப்போது கழிப்பது என்று இத்தனை வருஷமும் மாஸ்டரின் கண்தான் தீர்மானித்தது. கறுத்தால் கழி, இல்லாவிட்டால் ஓட்டு. அவ்வளவுதான் கணக்கு.

போன கோடையில், ஹாஸ்டல் கேன்டீன் காண்ட்ராக்ட் எடுத்திருக்கும் என் பங்காளி ஒருவனிடமிருந்து எண்ணெய் மீட்டரைப் பத்து நாள் இரவல் வாங்கினேன். கூடவே ஒரு டப்பா சோதனைப் பட்டைகளும் வாங்கி வைத்தேன். ஒரே எண்ணெயை மூன்று விதமாகவும் பார்த்துவிடலாம் என்று எண்ணம். ஆறாம் நாள் கிடைத்த விடையைச் சொன்னாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

சிக்கன் சட்டியின் எண்ணெய் செக்கச் செவேல் என்று, அடி தெரியாத நிறத்தில் இருந்தது. மாஸ்டர் அதைத்தான் முதலில் கொட்டச் சொன்னார். மீட்டர் 17 காட்டியது. பூரிச் சட்டி தேன் மாதிரி பளபளப்பு. "இன்னும் நாலு நாள் ஓடும் அண்ணே" என்றார். அதில் மீட்டர் 26.5. சட்டப்படி எல்லை 25. நல்ல எண்ணெயைக் கொட்டிவிட்டுக் கெட்டதில் பூரி போட இருந்தோம்.

முதலில் இந்த 25 என்ன என்று சொல்லிவிடுகிறேன். எண்ணெய் சூட்டில் காற்றோடும் நீராவியோடும் சேர்ந்து உடையும், உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருக்கும். இப்படி உண்டாகிற சரக்கை மொத்தமாகத் துருவச் சேர்மங்கள் என்கிறார்கள், சுருக்கமாக டி.பி.சி. எண்ணெயில் இது 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்பது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி, 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. தினம் 50 லிட்டருக்கு மேல் பொரிக்கப் பயன்படுத்தும் இடங்கள் இதற்கெனக் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். எங்களைப் போன்ற சின்னக் கடைக்குப் புத்தகம் கட்டாயம் இல்லை, ஆனால் 25 எல்லோருக்கும் 25தான். புது எண்ணெயிலும் இது பூஜ்யம் கிடையாது. நான் வாங்கும் சூரியகாந்தி எண்ணெயில் 4 காட்டியது, பாமாயிலில் 8. பாமாயிலின் இயல்பே அது, கடைக்காரன் பழசைத் தந்துவிட்டான் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

இனி கண். கண் பார்ப்பது நிறத்தை. சிக்கன் எண்ணெயின் சிவப்பில் பெரும்பங்கு மிளகாய்த்தூள், மசாலா, கருகிய துணுக்கு. அவை எண்ணெயின் வயதைச் சொல்லாது. பூரியிலோ மசாலா கிடையாது, உதிர்வதும் கொஞ்சம் கோதுமை மாவுதான். அதனால் எண்ணெய் கிழடு தட்டினாலும் முகம் வாடாது. போதாததற்கு அது சூரியகாந்தி எண்ணெய், பாமாயிலைவிடச் சூட்டில் சீக்கிரம் உடையும் சாதி. காலை ஆறு முதல் பதினொன்று வரை அடுப்பில் காய்ந்துகொண்டே இருக்கும், போடுவதோ மணிக்கு இருபது பூரி. சும்மா காய்வதுதான் எண்ணெய்க்கு எமன்.

கண்ணை முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன், நிறத்தை விட்டுவிட்டு நுரையைப் பார்த்தால் அது உதவும். நல்ல எண்ணெயில் பஜ்ஜியைச் சுற்றி எழுவது பெரிய பெரிய குமிழி, பஜ்ஜியை எடுத்ததும் அடங்கிவிடும். கெட்ட எண்ணெயில் சோப்புத் தண்ணீர் மாதிரிப் பொடி நுரை, எடுத்த பிறகும் விளிம்போரமாகக் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். சட்டியின் உள்விளிம்பில் விரல் வைத்தால் வார்னிஷ் போலப் பிசுபிசுக்கும், தேய்த்தாலும் போகாது. வழக்கமான சூட்டிலேயே புகைவதும் இதே வகை. இதில் எதைப் பார்த்தாலும் எண்ணெயை உடனே இறக்கிவிட வேண்டியதுதான். ஆனால் இவை எல்லாம் பிந்தி வரும் அறிகுறிகள். அன்றைக்கு என் பூரிச் சட்டியில் நுரை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அடுத்தது பட்டை. காகிதப் பட்டையில் நான்கு நீலக் கோடு இருக்கும். பொரிக்கும் சூட்டில் இருக்கும் எண்ணெயில் ஒன்றிரண்டு நொடி முக்கி எடுத்து, கொஞ்சம் பொறுத்து வெளிச்சத்தில் பார்த்தால் எத்தனை கோடு மஞ்சளாகியிருக்கிறது என்று தெரியும். நான் வாங்கிய வகையில் முதல் கோடு 2 சதவீதம், கடைசிக் கோடு 7. இது எதன் சதவீதம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். இது டி.பி.சி. இல்லை, தனிக் கொழுப்பு அமிலம். காயும் கறியும் விடுகிற ஈரம் எண்ணெயை உடைக்கும்போது வருவது. ஆகவே ஈரச் சரக்கு பொரிக்கும் சட்டியில் பட்டை சீக்கிரம் மஞ்சளாகும், காய்ந்த சரக்கில் தூங்கும். அன்றைக்குச் சிக்கன் சட்டியில் முதல் கோடு முழுக்க மஞ்சள், இரண்டாவது ஓரத்தில் மாறத் தொடங்கியிருந்தது. பூரிச் சட்டியில் நான்கும் நீலமே. மீட்டர் இல்லாமல் பட்டையை மட்டும் நம்பியிருந்தால் மாஸ்டரின் கண் சொன்ன தவறையே அதுவும் சொல்லியிருக்கும்.

பஜ்ஜியில் இன்னொரு சிக்கல். மாவில் போடும் ஆப்ப சோடா எண்ணெயில் கலந்தால் அமிலத்தைப் பிடித்துச் சோப்பாக்கிவிடும். பட்டை குறைத்துக் காட்டும், நுரை கூடும். பட்டையை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி டப்பாவிலேயே போட்டிருப்பதையும் மறக்க வேண்டாம். வேலூர் மே மாதத்து வெயிலில் கல்லாப் பெட்டி மேல் கிடந்த பட்டை எதையும் சரியாகச் சொல்லாது.

கடைசியாக மீட்டர். கம்பி நுனியில் ஒரு சென்சார், அது எண்ணெயின் மின் தன்மையை அளந்து டி.பி.சி.யாக மாற்றிக் காட்டுகிறது. சட்டம் பேசும் மொழியிலேயே இது பேசுவதால் மூன்றில் இதுதான் நம்பகம். ஆனால் முதல் இரண்டு நாள் எனக்கு இதுவும் தப்பாகவே காட்டியது. பஜ்ஜி மிதந்துகொண்டிருக்கும்போதே முக்கினேன், 31 என்றது. சரக்கை எல்லாம் எடுத்து, குமிழி முழுக்க அடங்க ஐந்து நிமிடம் விட்டு முக்கினேன், 21. நடுவில் இருந்த பத்துப் புள்ளியும் எண்ணெயில் இருந்த தண்ணீர். நுனி சட்டியில் படாமல், குறியிட்ட ஆழம் வரை இறக்கி, மெல்லக் கலக்கிக்கொண்டே எண் நிலைக்கும் வரை பிடிக்க வேண்டும். எண்ணெய் ஆறிக் குளிர்ந்திருந்தாலும் பயனில்லை, இந்த வகை மீட்டர் 40 முதல் 190 டிகிரிக்குள்தான் வேலை செய்யும். ஒவ்வொரு சட்டிக்கும் இடையில் நுனியைத் துடைக்காவிட்டால் முந்தின சட்டியின் எண்ணெய் அடுத்ததில் சாட்சி சொல்லும்.

இரண்டு புள்ளி முன்னே பின்னே இருக்கலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். 24 காட்டுகிற எண்ணெய் உண்மையில் 26 ஆக இருக்கலாம். அதனால் எங்கள் கடையில் 23 வந்தால் கழிப்பது என்று வைத்துக்கொண்டோம்.

26.5 என்றதும் மாஸ்டர் சொன்ன வைத்தியம் எல்லாக் கடையிலும் கேட்பதுதான்: "ரெண்டு லிட்டர் எடுத்துட்டு ரெண்டு லிட்டர் புதுசு ஊத்துனா சரியாப் போவுது." கணக்குப் போட்டுப் பார்த்தேன். சட்டியில் 5 லிட்டர். 3 லிட்டர் பழசு 26.5, 2 லிட்டர் புதுசு 4. கலந்தால் 17.5. மீட்டர் கண்ணை மூடிக்கொள்ளும், சரிதான். ஆனால் அந்தச் சட்டி நாளுக்கு ஏறத்தாழ 3.75 ஏறிக்கொண்டிருந்தது. 17.5இலிருந்து 23க்கு வர ஒன்றரை நாள்தான். 2 லிட்டரைக் கொட்டி ஒன்றரை நாள் வாங்கியிருக்கிறேன். அஞ்சையும் கொட்டிப் புதுசு ஊற்றினால் 4இலிருந்து 23 வரை ஐந்து நாள், நாளுக்கு ஒரு லிட்டர். கலப்பு வைத்தியத்தில் நாளுக்கு ஒன்றே கால் லிட்டருக்கு மேல் போகிறது. மிச்சம் பிடிப்பதாக நினைத்து நஷ்டத்தில் இருந்திருக்கிறோம்.

இதற்காக டாப்-அப் செய்வதே தப்பு என்று ஆகாது. பஜ்ஜிச் சட்டியில் 8 லிட்டர் பாமாயில், இரவுக்குள் பஜ்ஜியே 2 லிட்டர் குடித்துவிடும். தினம் அந்த 2 லிட்டரைப் புதிதாக ஊற்றுவதால் அந்த எண்ணெய் தானாகவே இளமையாக இருக்கிறது. பத்து நாளும் அது 21ஐத் தாண்டவில்லை. முள்ளுக் கத்திரிக்காய் பஜ்ஜி போட்ட ஞாயிறன்று கூட்டம் அம்மியது, மறுநாள் எண் இறங்கியே இருந்தது. வியாபாரம் ஓடும் சட்டி பிழைக்கும், ஈ ஓட்டும் சட்டி சாகும்.

வடிகட்டுவதில் பெரிய போட்டி இல்லை. வேட்டித் துணி பெரிய துணுக்கைப் பிடிக்கும், காகிதக் கூம்பு பொடியையும் பிடிக்கும், கூம்பு மெதுவாக இறங்கும் என்பது ஒன்றே குறை. நான் கூம்புக்கு மாறிவிட்டேன். எது பிடித்தாலும் எண் இறங்காது: வடிகட்டும் முன் 20 என்றால் பின்னும் 20தான். கருகும் மாவு போவதால் நாளைக்கு ஏறும் வேகம்தான் குறையும். வடிகட்டியதும் புதுசு மாதிரி இருக்கிறது என்று ஏமாறுவது இங்கேதான். வடிகட்டும்போது சிலர் எண்ணெயில் போடும் மெக்னீசியம் சிலிகேட் பொடி மட்டும் அமிலத்தையும் கொஞ்சம் உறிஞ்சும், அதனால் பொடி போடும் கடைக்காரர் பட்டையை மட்டும் நம்பக் கூடாது. பஜ்ஜிச் சட்டிக்கு ஒவ்வொரு ஈடு எடுத்ததும் கண் கரண்டியால் அரித்து, இரவு கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே ஆறவிட்டு வடித்து, மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில் வைக்கிறோம். பித்தளை, செம்பு வேண்டாம், அந்த உலோகங்களே எண்ணெயைக் கெடுக்கும்.

மீட்டரைச் சொந்தமாக வாங்குவதா? ஐந்து இலக்க விலை. எனக்கு மட்டும் என்றால் மாட்டேன். எங்கள் வரிசையில் நான்கு கடை சேர்ந்து வாங்கி வாரம் ஒரு நாள் சுற்றில் விடலாம் என்று பேச்சு இருக்கிறது. ஒரு சட்டியின் வேகம் ஒரு தடவை தெரிந்துவிட்டால் மணிக்கணக்கை வைத்தே ஓட்டலாம், சரக்கையோ எண்ணெயையோ மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும். பட்டையைச் சிக்கன் சட்டிக்கு மட்டும் வைத்திருக்கிறேன், இரண்டாவது கோடு முழுக்க மஞ்சளானால் கழிப்பது.

கழித்த எண்ணெய்க்கு எங்கள் வாசலில் கேன் தூக்கிக்கொண்டு ஒருவர் வருவார், லிட்டருக்கு நல்ல விலை தருவார், எங்கே போகிறது என்று கேட்டால் சிரிப்பார். அது இன்னொரு தள்ளுவண்டிச் சட்டிக்குப் போகிறது என்பது என் சந்தேகம். இப்போது பயோடீசலுக்கு எடுக்கும் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்குத்தான் கொடுக்கிறோம், காசு கொஞ்சம் குறைவு, ரசீது உண்டு.

பூரிக்கு இப்போது 3 லிட்டர் பிடிக்கும் சின்னச் சட்டி, பாமாயில். ஆர்டர் இல்லாத நேரம் அடுப்பைச் சிம்மில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாஸ்டர் சுவரில் கரியால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார், ஒரு காலைக்கு ஒரு கோடு. அஞ்சாவது கோடு விழுந்தால் எண்ணெய் எப்படிப் பளபளத்தாலும் இறக்கிவிடுகிறார், வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு.