ஃபோல்டரைப் பகிர்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம்: பிரதி எடுப்பதா, மேலே ஏறிப் பார்ப்பதா?

'கணக்கு' ஃபோல்டரை கவிதாவுக்குப் பகிர்கிறோம், உள்ளே 40,000 கோப்புகள். இதைச் செய்ய இரண்டு வழி.

முதல் வழி, பகிரும்போதே ஒவ்வொரு கோப்பிலும் கவிதா பெயரை எழுதிவிடுவது. கோப்பைத் திறக்கும்போது ஒரு வரியைப் பார்த்தால் போதும், படுவேகம். வலி எழுதும் பக்கம்தான்: ஒரு கிளிக்குக்கு 40,000 வரி, பாதியில் ஜாப் விழுந்தால் பாதி கோப்பு தெரியும், பாதி தெரியாது. விண்டோஸின் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ் இந்த வகைதான். அதே டிரைவுக்குள் ஒரு கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் பழைய இடத்து உரிமையோடேயே போய் உட்கார்ந்துகொள்ளும், பல அட்மின்கள் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

இதைவிட மோசம், நீக்குவது. கவிதாவுக்கு ஒரு கோப்பை முன்பே தனியாகவும் கொடுத்திருந்தோம் என்றால், அந்த வரி ஃபோல்டர் வழியாக வந்ததா நேரடியாக வந்ததா என்று குறித்து வைக்காத டேபிளில் எதை அழிப்பது?

இரண்டாவது வழியில் உறவை மட்டும் எழுதுகிறோம்.

```
folder:kanakku#viewer@user:kavitha
doc:gst-march#parent@folder:kanakku
```

மேல் ஃபோல்டரைப் பார்க்க முடிந்தவர் கோப்பையும் பார்க்கலாம் என்ற விதி ஸ்கீமாவில் ஒரே இடத்தில் இருக்கும். இப்படி உறவை வைத்து உரிமை சரிபார்க்கும் ஓபன்எஃப்ஜிஏ-வில் இப்படி:

```
define viewer: [user] or viewer from parent
```

பகிர்வது ஒரு வரி, நீக்குவதும் ஒரு வரி. கோப்பை நகர்த்தினால் parent வரி மட்டும் மாறும், தனியாகக் கொடுத்த உரிமை அது பாட்டுக்கு இருக்கும். அதற்கான விலையை, கோப்பைப் படிக்கும்போது கொடுக்கிறோம், ஏனென்றால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று பத்து அடுக்கு இருந்தால் பத்து படி ஏறித்தான் பதில் வரும்.

ஏறுவதைக்கூட சமாளித்துவிடலாம், நிஜமாகக் கடிப்பது தேடல். 'கவிதா பார்க்கக்கூடிய எல்லாக் கோப்பும்' என்ற கேள்விக்கு மேலே ஏறுவது உதவாது, கீழே இறங்கி எல்லாவற்றையும் விரிக்க வேண்டும். இங்கே முதல் வழி ஜெயிக்கிறது. அதனால் நான் எடுப்பது: உரிமைக்கு மூல ஆதாரம் உறவு வரிகள்தான், தேடலுக்கு மட்டும் அதிலிருந்து கட்டிய ஒரு பிரதி, அப்புறம் திரையில் காட்டும் முன் ஒவ்வொன்றையும் திரும்ப ஒரு முறை சரிபார்ப்பது. பிரதி கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கட்டலாம்.

ஆனால் உறவு வழியில் வேகத்துக்காக காஷ் வைத்தவுடன் ஒரு பொறி காத்திருக்கிறது. கவிதாவை ஃபோல்டரிலிருந்து நீக்குகிறோம், அடுத்த நொடி சம்பளப் பட்டியலை அதே ஃபோல்டருக்குள் போடுகிறோம். சரிபார்க்கும் சர்வரிடம் இன்னும் பழைய வரி இருந்தால், அவர் நீங்கிய பிறகு வந்த கோப்பு அவருக்குத் திறக்கும். கூகுள் தன் உரிமைச் சரிபார்ப்பு அமைப்பான ஸான்ஸிபார் பற்றி 2019-இல் வெளியிட்ட கட்டுரை இதைப் 'புதிய எதிரி' சிக்கல் என்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் தீர்வு ஸூக்கி என்ற டோக்கன்: கோப்பின் உள்ளடக்கம் மாறும்போது அதை வாங்கிக் கோப்போடு சேமிக்க வேண்டும், பிறகு சரிபார்க்கும்போது அதற்கு முந்தைய நிலையைப் பார்த்து பதில் சொல்லக் கூடாது. அதே பாணியில் கட்டிய ஸ்பைஸ்டிபியிலும் ஸெட்டோக்கன் என்ற பெயரில் இது உண்டு. ஆனால் அதைக் கோப்பு டேபிளில் சேமித்து, கேட்கும்போது திருப்பி அனுப்புவது நம் வேலை, டேபிளில் அதற்கான நெடுவரிசையை யாராவது சேர்த்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.