நீரில் கரையாத 'காட்டுத் தேன்': ஓர் எச்சரிக்கை

சென்ற ஆண்டு கொல்லிமலைக்குப் போகும் வழியில், சாலையோரக் கடை ஒன்றில் 'அசல் காட்டுத் தேன்' என்று ஒரு கிலோவை 700 ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாந்தேன். கடைக்காரர் ஒரு டம்ளர் நீரில் ஒரு சொட்டு விட்டார். அது கலையாமல் அடியில் போய் அமர்ந்தது. தேனில் தோய்த்த தீக்குச்சியை உரசினார்; பற்றிக்கொண்டது. இவ்விரண்டும் உள்ளே நீர் குறைவு என்பதை மட்டுமே காட்டுகின்றன என்பதும், கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் இவற்றில் தேறிவிடும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் எடுக்கப்படும் கலப்படமற்ற தேனில் நீர் சற்று மிகுதியாக இருப்பதுண்டு. அது இதே சோதனையில் தோற்றுப்போகலாம்.

இரண்டு மாதங்களில் பாட்டிலின் அடியில் படிகம் கட்டியது. நல்ல தேனும் உறையும் என்று கேள்விப்பட்டிருந்ததால் முதலில் மகிழ்ந்தேன். ஆனால் மேலே பாகு தெளிவாக நிற்க, அடியில் இருந்தவை கற்கண்டைப் போலக் கடினமாக, பல்லில் நறநறத்தன. மார்த்தாண்டத்திலிருந்து உறவினர் கொண்டுவந்த ரப்பர் தேனோ, குளிர்ந்த நெய்யைப் போல பாட்டில் முழுதும் மென்மணலாக உறைந்து, நாக்கில் வைத்ததும் கரைந்தது. தேனில் உறைவது குளுக்கோஸ். அது மிகுதியாக உள்ள ரப்பர் தேன் விரைவில் உறையும். (முந்தைய ஆண்டு இப்படி உறைந்த ஒரு பாட்டிலைச் சர்க்கரை என்று எண்ணிக் கொட்டியவன் நான்.) ஆயினும், மெதுவாக உறையும் நல்ல தேனிலும் பருமனான படிகங்கள் தோன்றுவதுண்டு என்பதால், இதைச் சந்தேகமாக மட்டுமே கொண்டு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். தேனில் சுக்ரோஸ், அதாவது நாம் பயன்படுத்தும் சாதாரணச் சர்க்கரை, 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அறிக்கையில் 21 இருந்தது.

லேபிளை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். 'எக்காலத்திலும் உறையாது', 'சர்க்கரை நோயாளிகளுக்கும் ஏற்றது' என்று இருந்தது. தொகுதி எண்ணும் அடைத்த தேதியும் இல்லை. 14 இலக்க உரிம எண்ணை, உணவு உரிமங்களுக்கான அரசுத் தளமான FoSCoS-இல் தேடினேன். அது மசாலாப் பொடி அரைக்கும் ஒருவருக்கு வழங்கப்பட்டது. எண் சரியாக இருந்திருந்தாலும், உரிமம் உண்டு என்பதைத்தான் அது காட்டுமே தவிர, உள்ளிருப்பது தேன் என்பதை அன்று.

எனக்குக் கிடைத்தது முரட்டுக் கலப்படம், அதனால்தான் பிடிபட்டது. 2020 டிசம்பரில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வில், 13 நிறுவனத் தேன்களில் 10, பாகுக் கலப்படத்தை நுணுக்கமாகக் கண்டறிய ஜெர்மனியில் செய்த அணுக்காந்த ஒத்திசைவுச் சோதனையில் தேறவில்லை. வழக்கமான சோதனைகளைத் தாண்டவென்றே தயாரிக்கப்படும் பாகுகள், கண்ணுக்கோ நாக்கிற்கோ சிக்குவதில்லை.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்குபவரும் கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் அறிக்கை பெறலாம். ஆனால் ஆய்வுக்கு அனுப்பப்போவதை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும். தீக்குச்சி எரிவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நான் அதைச் சொல்லவில்லை.