ரௌத் அட்டவணையா, முனைவுகளின் வரைபடமா?

வெள்ளவத்தையில் சனிக்கிழமை மாலைகளில் பொறியியல் மாணவர் சிலருக்குக் கட்டுப்பாட்டுத் தொகுதிகள் பாடத்தில் உதவி வருகிறேன். மோட்டரின் அச்சைக் கேட்ட கோணத்துக்குத் திருப்பி நிறுத்தும் ஒரு சிறிய அமைப்பின் கணிதப் படிமத்தை எடுத்துக்கொண்டு, அதன் உறுதிநிலையை எந்த முறையால் சோதிப்பது என்று அண்மையில் நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. தாளில் போடும் ரௌத் அட்டவணை ஒரு வழி. உள்ளீட்டையும் வெளியீட்டையும் தொடர்புபடுத்தும் மாற்றுச் சார்பு என்ற பின்னத்தின் பகுதியை எடுத்து, அதன் மூலங்களைக் கணினியில் கண்டு சிக்கலெண் தளத்தில் குறிப்பது மற்ற வழி. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன்.

இரண்டு முறைக்கும் அடிப்படை ஒன்றே. மாற்றுச் சார்பின் பகுதியைப் பூச்சியமாக்கும் s பெறுமானங்களே முனைவுகள். ஒவ்வொரு முனைவு p உம் வெளியீட்டில் e^(pt) என்ற உறுப்பைக் கொண்டுவருகிறது. ஆகவே p இன் மெய்ப்பகுதி எதிரானால், அதாவது முனைவு இடது அரைத்தளத்தில் இருந்தால், அந்த உறுப்பு தேய்ந்து மறையும். வலது அரைத்தளத்தில் இருந்தால் வளரும். எல்லா முனைவுகளும் இடது அரைத்தளத்தில் இருந்தாலே அமைப்பு உறுதியானது. கற்பனை அச்சின் மீதே தனி முனைவுச் சோடி ஒன்று இருந்தால் அலைவு தேயாமலும் வளராமலும் நீடிக்கும்.

நாங்கள் எடுத்துக்கொண்ட படிமத்தில் மோட்டரும் பெருக்கியும் சேர்ந்த திறந்த தடத்தின் மாற்றுச் சார்பு K/(s(s+1)(s+4)). பின்னூட்டலை மூடியதும் பகுதி s^3 + 5s^2 + 4s + K ஆகிறது. இங்கே K என்பது நாம் மாற்றக்கூடிய நயம்.

ரௌத் 1877 இல் தந்த முறை இதை நான்கு வரிகளில் முடித்துவிடுகிறது. முதல் நிரலில் 1, 5, (20 − K)/5, K என்பன வருகின்றன. இவை யாவும் நேராக இருந்தால் அமைப்பு உறுதியானது. அதற்கு K ஆனது 0 இற்கும் 20 இற்கும் இடையில் இருந்தால் போதும். மூலம் ஒன்றைக்கூடக் காணாமல், K இன் பெறுமானமே தெரியாத நிலையில், துல்லியமான எல்லையைத் தருவது இந்த முறையின் பெருஞ்சிறப்பு. கணினியில் K ஐ ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவருக்கு 20 என்ற எண் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது. பரீட்சைத் தாளிலும் ரௌத் அட்டவணைதான் கைகொடுக்கும், அதில் விவாதமில்லை.

என்னை மறுபக்கம் சாய்த்தது ஒரு மாணவரின் கேள்வி. அவர் K = 18 என்று எடுத்து, அட்டவணையைச் சரியாகப் போட்டு, முதல் நிரலில் 1, 5, 0.4, 18 என்று பெற்றிருந்தார். பிறகு படிக்கட்டு உள்ளீட்டுக்கான துலங்கலைக் கணினியில் வரைந்து பார்த்துவிட்டு, “அண்ணா, எல்லாம் நேர்க்குறிதானே, பிறகேன் இது இவ்வளவு நேரம் ஆடுது?” என்று கேட்டார். அட்டவணை அவரிடம் பொய் சொல்லவில்லை. வலது அரைத்தளத்தில் எத்தனை முனைவுகள் உள்ளன என்ற கேள்விக்கு அது ‘ஒன்றுமில்லை’ என்று சரியாகவே பதில் தந்தது. அவருக்குத் தேவைப்பட்டதோ இடது அரைத்தளத்தில் இருப்பவை அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளன என்ற விடை. அந்தத் தூரமே என் தேர்வைத் தீர்மானித்தது.

ஒக்டேவ் என்ற கணிப்பு மென்பொருளில் இரண்டே வரிகள் போதும்:

```
K = 18;
roots([1 5 4 K])
```

விடையாக −4.9293 என்ற மெய் மூலமும், −0.0353 ± 1.9106i என்ற சிக்கலெண் சோடியும் வருகின்றன. முதலாவது மிக விரைவில் தேய்ந்துவிடும். ஆட்டத்துக்குக் காரணம் அந்தச் சோடி. அதன் கற்பனைப் பகுதி ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 3.3 செக்கன் என்கிறது. மெய்ப்பகுதியோ, அலைவு அதன் ஆரம்ப அளவின் 2 சதவீதமளவுக்குத் தேய 4/0.0353, அதாவது ஏறத்தாழ 113 செக்கன் ஆகும் என்கிறது. K = 2 என்று மாற்றினால் சோடி −0.424 ± 0.550i க்கு நகர்கிறது. தேயும் நேரம் ஏறத்தாழ 9.4 செக்கனாகக் குறைகிறது. ரௌத் அட்டவணையின் பார்வையில் 2 உம் 18 உம் ஒரே தீர்ப்பைப் பெற்றவை.

மெதுவாகத் தேய்வதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கக்கூடும். அச்சுக்கு அருகிலிருப்பதன் பெரிய ஆபத்து, படிமத்தின் எண்கள் சற்றுப் பிசகினாலும் முனைவு மறுபக்கம் போய்விடும் என்பதுதான். (s+1) என்ற காரணியில் உள்ள 1, மோட்டரின் உராய்வையும் சடத்துவத்தையும் சார்ந்தது. தாங்கியிலுள்ள கிறீஸ் சூடாகி இளகி, தணிப்பு பத்து சதவீதம் குறைந்து, அந்த 1 ஆனது 0.9 ஆகிவிட்டது என்று கொள்வோம். பகுதி s^3 + 4.9s^2 + 3.6s + K ஆகும். K இன் எல்லை 20 இலிருந்து 17.64 க்கு இறங்கிவிடும். K = 18 இல் சோடியின் மெய்ப்பகுதி இப்போது ஏறத்தாழ +0.0065. உறுதியென்று தீர்ப்புப் பெற்ற அமைப்பு வலது அரைத்தளத்துக்குள் போய்விட்டது. அதே மாற்றம் K = 2 இல் சோடியை −0.424 இலிருந்து −0.376 க்கு மட்டுமே நகர்த்துகிறது. தேயும் நேரம் ஒரு செக்கனளவு கூடுவதோடு சரி.

துலங்கலைக் கண்ணால் பார்த்தே தீர்மானிக்கலாமே என்பது மூன்றாவது வழி. K = 19.5 ஆனாலும் 20.5 ஆனாலும், பத்து செக்கனில் மூன்று அலைவுகள் மட்டுமே முடிந்திருக்கும். முந்தியதில் அலைவின் வீச்சு எட்டு சதவீதமளவு குறைந்திருக்கும், பிந்தியதில் ஒன்பது சதவீதமளவு கூடியிருக்கும். அளவிடும் கருவியின் இரைச்சலுக்குள் அந்த வேறுபாடு மறைந்துவிடலாம். மூலத்தின் குறியில் அத்தகைய ஐயம் இல்லை.

ரௌத்துக்கு நீதி செய்ய ஒன்றைச் சொல்ல வேண்டும். தூரத்தை அதனாலும் கேட்க முடியும். எல்லா முனைவுகளும் −0.4 க்கு இடதுபுறம் இருக்க வேண்டுமானால், s = z − 0.4 என்று பிரதியிட்டு, கிடைக்கும் z^3 + 3.8z^2 + 0.48z + (K − 0.864) என்பதற்கு அட்டவணை போடலாம். K ஆனது 0.864 இற்கும் 2.688 இற்கும் இடையில் இருக்க வேண்டும் என்ற அழகான விடை கிடைக்கிறது. வடிவமைப்புக்கு இது மிகப் பயனுள்ளது. ஆனால் ஒவ்வொரு தூரத்துக்கும் பிரதியீட்டை மீண்டும் செய்ய வேண்டும். முதல் தடவையிலேயே குறிகளில் பிழைவிடும் மாணவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

இரண்டு முறைகளும் ஒருங்கே ஏமாறும் இடமும் உண்டு. மோட்டருக்குப் பதிலாக 1/(s−1) என்ற உறுதியற்ற தொகுதி இருந்து, அதற்கு முன்னால் (s−1)/(s+3) என்ற கட்டுப்படுத்தியை வைத்தால், (s−1) வெட்டுப்பட்டு, மூடிய தடத்தின் பகுதி s + 4 என்று அப்பாவியாகத் தோன்றும். வெட்டாமல் எழுதினால் அது (s−1)(s+4). உள்ளே இருக்கும் +1 முனைவு உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையிலான சார்பில் மறைந்துவிட்டதே தவிர, சிறிய இடையூறு ஒன்று அந்தத் தொகுதியின் பக்கத்தில் நுழைந்தால் அது வளரத் தொடங்கும். ஆகவே மூலங்களைக் காணுமுன் எந்தக் காரணியையும் வெட்டக்கூடாது.

எனது சாய்வு மூன்றாம், நான்காம் படிப் பல்லுறுப்பிகளோடு பழகியதால் வந்தது. படி கூடி, மூலங்கள் ஒன்றோடொன்று நெருங்கும்போது, குணகங்களின் சிறு பிழையும் மூலங்களைப் பெரிதும் நகர்த்தும். அங்கே கணினி தரும் நான்கு தசமங்களை அப்படியே நம்ப மாட்டேன். பின்னூட்டலில் நேரத் தாமதம் இருந்தால் பகுதி பல்லுறுப்பியாகவே இராது, முனைவுகள் எண்ணிறந்தவை ஆகிவிடும். அத்தகைய அமைப்புக்கு இந்த ஒப்பீட்டை நீட்ட மாட்டேன்.

மாணவர்களின் பயிற்சித் தாளில் இப்போது எல்லை காண ரௌத் அட்டவணைக்கு ஒரு வரியும், அதன்கீழ் தெரிந்தெடுத்த K இற்கு அச்சுக்கு மிக அண்மையிலுள்ள முனைவின் மெய்ப்பகுதியை எழுத ஒரு கட்டமும் வைத்திருக்கிறேன். 1 ஐ 0.9 ஆக்கி அதே கட்டத்தை இரண்டாம் தடவையும் நிரப்ப வேண்டும்.