ஒரே தடத்தில் பல குரல்கள்: அலைவரிசைப் பகுப்பா, நேரப் பகுப்பா?

கோலாலம்பூரில் மின்னல் எஃப்எம் 96.3 மெகாஹெர்ட்ஸிலும் ராகா 99.3 மெகாஹெர்ட்ஸிலும் ஒரே சமயத்தில் ஒலிபரப்பாகின்றன. வானொலிப் பெட்டியிலுள்ள வடிகட்டி நமக்கு வேண்டியதை மட்டும் பிரித்துத் தருகிறது. இந்த அலைவரிசைப் பகுப்பில் ஒரு நிலையத்தின் கடிகாரம் மற்றதோடு ஒத்திருக்க வேண்டியதில்லை. ஒரே தடத்தைச் சிறு நேரக் கூறுகளாக்கி முறைவைத்துப் பகிரும் நேரப் பகுப்பிலோ, அனைவரும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். இரண்டின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

பழைய தொலைபேசித் தடங்களில், 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான பேச்சொலிக்கு, அடுத்ததோடு கலக்காதிருக்கக் காவல் இடைவெளியும் சேர்த்து 4 கிலோஹெர்ட்ஸ் ஒதுக்கி, 12 உரையாடல்களை 60 முதல் 108 கிலோஹெர்ட்ஸுக்குள் அடுக்கினார்கள். வழியிலுள்ள பெருக்கி, வரும் அலையைச் சீராகப் பெருக்காமல் சற்றே சிதைத்தாலும் அலைவரிசைகள் ஒன்றோடொன்று கலந்து புதிய அலைவரிசைகளை உண்டாக்கி, அடுத்தவர் தடத்தில் போய் விழும். உரையாடல்கள் மிகும் நேரத்தில் இரைச்சலும் மிகுந்தால் இதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மேலும், ஒவ்வொரு பெருக்கியும் பேச்சோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்குகிறது.

ஈ1 எனப்படும் நேரப் பகுப்புத் தடத்தில் ஒவ்வொரு குரலும் வினாடிக்கு 8000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட்டுகளாகிறது. எல்லாருடைய முறையும் ஒருதடவை வந்து முடியும் சுற்றே சட்டகம்; 125 மைக்ரோவினாடி நீளமுள்ள ஒரு சட்டகத்தில் 32 கூறுகள் உண்டு. ஒன்று சட்டகத்தின் தொடக்கத்தைக் காட்டவும், இன்னொன்று அழைப்புக் குறிப்புகளுக்கும் போக, 30 குரல்களுக்கு இடம் கிடைக்கிறது. மொத்த வேகம் வினாடிக்கு 2.048 மெகாபிட். வழியில் பிட்டுகள் புதிதாகவே உருவாக்கி அனுப்பப்படுவதால் இரைச்சல் சேர்ந்துகொண்டே போவதில்லை. என் கணிப்பில், நீண்ட தடங்களில் இம்முறை வென்றதற்கு இதுவே முதற்காரணம்.

அதன் நோய் கடிகாரத்தில் இருக்கிறது. கோலாலம்பூர் அலுவலகம் ஒன்றின் உள் இணைப்பகம், நகரத் தொலைபேசி நிலையத்தின் கடிகாரத்தைப் பின்பற்றாமல் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுவதாகவும், இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருப்பதாகவும் கொள்வோம். வினாடிக்கு 8000 சட்டகங்கள் என்பதால் 0.4 சட்டகம் பிசகுகிறது; அதாவது 2.5 வினாடிக்கு ஒருமுறை ஒரு முழுச் சட்டகம் தொலையும், அல்லது இரட்டிக்கும்; இதுவே சட்டக நழுவல். பேச்சில் இது ஒரு சிறு ‘டிக்’ ஒலிதான், பலர் கவனிக்கவும் மாட்டார்கள். ஆனால் தொலைநகல் பக்கங்கள் சிதைந்துவிடும். பிட் பிழைகள் இல்லாமல் சட்டக நழுவல் எண்ணிக்கை மட்டும் சீராக ஏறினால் பழுது கம்பியில் இல்லை. கம்பியை மாற்றுவது வீண்வேலை. இணைப்பகம் தன் கடிகாரத்தைத் தடத்திலிருந்து எடுத்துக்கொள்ளுமாறு அமைத்தால் நழுவல் நின்றுவிடும்.

ஆகவே, இரு முனைகளையும் ஒரே கடிகாரத்தில் கட்ட முடிந்த இடத்தில் நேரப் பகுப்பையே தேர்ந்தெடுப்பேன். யாரும் யாருக்கும் கட்டுப்படாத வானொலி நிலையங்களுக்கு அலைவரிசைப் பகுப்பே பொருந்தும். ஜிஎஸ்எம் கைப்பேசி இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறது: 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒவ்வோர் அலைவரிசையும் 8 நேரக் கூறுகளாகப் பிரிகிறது. தொலைவிலுள்ள கைப்பேசியின் அலை தாமதமாக வந்து அடுத்தவர் கூற்றில் விழாதிருக்க, சற்று முன்னதாகவே அனுப்பும்படி கோபுரம் அதற்குக் கட்டளையிடுகிறது. அப்படி ஈடுசெய்யக்கூடிய தொலைவு வழக்கமான அமைப்பில் சுமார் 35 கிலோமீட்டர்.