நூறு சதவீத கவுனும் முப்பத்து மூன்று சதவீத வேட்டியும்

(துணிக்கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் பேசியது)

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நீங்கள் எல்லோரும் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பீர்கள். விலைச் சீட்டின் மூலையில் இருக்கும் எழுத்துகள்தான் அடக்க விலை. ஒரே எழுத்து திரும்ப வராத பத்தெழுத்துச் சொல் ஒன்றை எடுத்து, எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்துக்கொள்வது துணிக்கடைகளில் பழைய வழக்கம். அதைப் படிக்கத் தெரிந்ததும் மனதில் ஒரு கணக்கு ஓட ஆரம்பிக்கும். குழந்தைகள் பார்ட்டி கவுன் அடக்கம் 1,000, விற்பனை 2,000. ‘ஒரு கவுனுக்கு ஆயிரம் ரூபாய் லாபமா!’ என்று தோன்றும். அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த எண்ணத்தோடு கவுண்டரில் நின்றால் தள்ளுபடி கேட்பவரிடம் கை தாராளமாகிவிடும். அதனால் இதை முதலிலேயே பேசிவிடுகிறேன்.

அந்த ஆயிரம் லாபம் அல்ல. வாங்கிய விலைக்கு மேல் நாம் ஏற்றி வைத்த தொகை, அவ்வளவுதான். கடையை நடத்தும் செலவு முழுக்க அதிலிருந்துதான் போக வேண்டும்.

நம் அளவுள்ள கடைக்கு ஒரு மாதக் கணக்கை, புரிவதற்காக முழு எண்களில் போட்டுப் பார்ப்போம். வாடகை 45,000. நான்கு பேர் சம்பளம் 60,000. மின்கட்டணம் 12,000. சரக்கு வாங்க எடுத்த கடனுக்கு வட்டி 20,000. கைப்பை, பில் ரோல், கார்டு மெஷின் கட்டணம், டீ, சில்லறை ரிப்பேர் எல்லாம் சேர்த்து 13,000. மொத்தம் 1,50,000. ஒரு நாளுக்கு 5,000. ஒரு கைக்குட்டைகூட விற்காமல் மழை கொட்டும் நாளிலும் இந்த 5,000 போய்க்கொண்டே இருக்கும்.

கடையில் 25 ரேக் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாம் ஏறக்குறைய ஒரே அகலம். செலவைச் சமமாகப் பிரித்தால் ஒரு ரேக் மாதத்துக்கு 6,000 ரூபாய் சம்பாதித்துத் தர வேண்டும், மூன்று மாதத்துக்கு 18,000. துணி விற்றாலும் தொங்கினாலும் அந்த ரேக்கின் பங்கு மாறாது.

இப்போது இரண்டு ரேக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். ஒன்றில் பார்ட்டி கவுன், இன்னொன்றில் ஈரோட்டிலிருந்து வரும் வெள்ளை வேட்டி. வேட்டி அடக்கம் 300, விற்பனை 400. அதாவது ஏற்றம் 33 சதவீதம்தான். கவுனுக்கு 100 சதவீதம். (எல்லாம் வரி நீக்கிய விலை. 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு பில்லில் சேரும் 5 சதவீத ஜிஎஸ்டி அரசாங்கத்தின் பணம், அதை நம் கணக்கில் சேர்க்கவே கூடாது.)

கவுன் 20 வாங்கினோம். மூன்று மாதத்தில் 11 கவுன் முழு விலைக்குப் போனது. 5 கவுனை 1,500க்குக் கொடுத்தோம். மீதி 4 வெளிச்சத்தில் தொங்கி நிறம் மங்கி, போட்டுப் பார்த்ததில் ஜிப் பிசகி, கடைசியில் 600 ரூபாய்க்கு, அடக்கத்துக்கும் கீழே போனது. வேட்டியை ஒரே சமயத்தில் 50க்கு மேல் அடுக்குவதில்லை. நாளுக்கு இரண்டு மூன்று போகும், மாதம் 75. காலியாகும்போது மறுபடி வரவழைத்துக்கொள்கிறோம்.

| மூன்று மாதம் | கவுன் ரேக் | வேட்டி ரேக் |
|---|---|---|
| விற்ற எண்ணிக்கை | 20 | 225 |
| விற்பனை | 31,900 | 90,000 |
| அடக்கம் | 20,000 | 67,500 |
| அடக்கம் போக மிச்சம் | 11,900 | 22,500 |
| ரேக்கின் செலவுப் பங்கு | 18,000 | 18,000 |
| கையில் நின்றது | 6,100 நஷ்டம் | 4,500 லாபம் |

சீட்டில் 100 சதவீதம் என்றிருந்த கவுன், எல்லாம் விற்று முடிந்தபோது 60 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே வந்துவிட்டது. சீட்டில் எழுதிய ஏற்றம் ஒன்று, கல்லாவுக்கு வந்து சேர்ந்த ஏற்றம் வேறு. அப்படியும் 60 சதவீதம் பெரிய எண்தான், ஆனால் 20 துணியால் 18,000 ரூபாயைச் சுமக்க முடியவில்லை. வேட்டியில் அதே இடத்தில் 225 துணி சேர்ந்து சுமந்தது. உங்கள் நேரத்தையும் யோசித்துப் பாருங்கள். வேட்டி வாங்க வருபவர் கரையைப் பார்ப்பார், நீளம் கேட்பார், ஐந்து நிமிடத்தில் பில் போட்டுவிடலாம். கவுன் என்றால் அம்மா, பாட்டி, குழந்தை மூவருக்கும் பிடிக்க வேண்டும், அரை மணி நேரம் போகும். செலவைச் சமமாகப் பிரித்ததில் உண்மையில் கவுனுக்குச் சலுகைதான் கொடுத்திருக்கிறோம்.

அதற்காக கவுனைத் தூக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் இதே ரேக்கில் 20 கவுன் முழு விலைக்குப் போனால், 20,000 வந்து ரேக்கின் பங்கு 6,000 போக 14,000 நிற்கும். வேட்டி ரேக் வழக்கமான ஒரு மாதத்தில் அவ்வளவு தராது. கவுன் பார்க்க வந்த குடும்பம் அப்பாவுக்குச் சட்டையும் எடுத்துப் போகும், அது இந்தக் கணக்கில் தெரியாது. எத்தனை நாளில் போகிறது என்பதுதான் இரண்டையும் பிரிக்கிறது.

அடுத்தது, உங்கள் கையில் தினமும் இருக்கும் விஷயம், விலை குறைப்பது. ‘இருபது ரூபாய் குறைங்க தம்பி’ என்று வேட்டிக்காரர் கேட்பார். 400இல் 20 என்பது 5 சதவீதம்தானே என்று தோன்றும். 18,000ஐ 225ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு வேட்டியின் தலையில் 80 ரூபாய் கடைச்செலவு. ஏற்றம் 100. மிச்சம் சரியாக 20. நீங்கள் விட்டுக்கொடுத்தது விலையில் 5 சதவீதம்தான், ஆனால் அந்த வேட்டியின் லாபம் மொத்தமும் அதில் போய்விட்டது. எல்லோருக்கும் அப்படிக் கொடுத்தால் மூன்று மாதத்தில் 4,500 ரூபாயும் காலி, வேட்டி என்னவோ அதே 225தான் விற்றிருக்கும்.

கவுனில் கதை நேர்மாறு. மூன்றாவது மாதத்தில் தொங்கும் கவுனை 1,500க்குக் கேட்டால் கொடுத்துவிடலாம் என்பேன். செலவுப் பங்கைப் போட்டுப் பார்த்தால் அது நஷ்டம்தான். ஆனால் வாடகையும் சம்பளமும் ஏற்கெனவே போய்விட்டவை, கவுனை மறுத்தால் அவை திரும்பி வராது. 1,500 வாங்கினால் அடக்கம் போக 500 ரூபாயாவது அந்தச் செலவுக்குச் சேரும். மறுத்தால் பிறகு 600க்குத் தள்ள வேண்டியிருக்கும். ஒரு துணி தானாகப் போகுமா, நின்றுவிட்டதா என்று பார்த்துத்தான் விலை குறைக்க வேண்டும். ஏற்றம் எவ்வளவு என்று பார்த்துக் குறைத்தால் தப்பாகிவிடும்.

நின்றுவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? சீட்டில் அடக்க எழுத்துக்குக் கீழே சின்னதாக இரண்டு எண்கள் இருக்கும், வந்த மாதமும் ஆண்டும். அடக்க விலையைப் படிக்கக் காட்டிய ஆர்வத்தை அந்த எண்களிலும் காட்டுங்கள். மடிப்பு ஓரம் மஞ்சளாகத் தொடங்கினால், ஒரே அளவு மட்டும் நான்கைந்து மிஞ்சியிருந்தால், அதுவும் அடையாளம். இரண்டு மாதம் தாண்டியதைத் தனியாக எடுத்து, எத்தனை, எந்த அளவு என்று ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுங்கள். விலை குறைப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். நாளைக் காலை கடை திறந்ததும் கவுன் ரேக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம்.